குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட இரண்டு வருடம்: இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் விடுதிகளுக்கும் பள்ளி அலுவலகங்களுக்கும் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்து பழகியவன் நான். வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போய், வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வருகிறவர்கள் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரே ஒருவருடைய விஷயத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். கோத்தகிரிப் பக்கத்துப் பெண். ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 2023 மே வரை இருந்தார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. 2025 ஜூலை வரை வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். அந்த அக்டோபரில் குன்னூரில் ஒரு விடுதியின் கணக்கு வேலைக்கு இன்டர்வியூ போனார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ரெசியூமில் அந்த ரெண்டு வருஷத்தை எழுதாம விட்டுட்டா கவனிக்க மாட்டாங்கதானே?

கவனிப்பார்கள். ரெசியூம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது கடைசி வேலை எந்த மாதத்தில் முடிந்தது என்பதைத்தான். அங்கே வெற்றிடம் இருந்தால் படிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு அதை நிரப்பிக்கொள்வார். வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்களோ, சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பாரோ என்று. உள்ளதைவிட அவர் நினைப்பது மோசமாகத்தான் இருக்கும்.

வேலைகளை வரிசையாக எழுதும் இடத்திலேயே, அதே எழுத்து அளவில், ஒரு வரி போதும். அந்தப் பெண் எழுதியது இது: "2023 ஜூன் – 2025 ஜூலை: குடும்பத்தில் ஒருவருக்கு முழுநேரப் பராமரிப்பு." மாமனார் என்றுகூட எழுதவில்லை, நோயையும் எழுதவில்லை. இந்த வரியின் வேலை தேதிகளை இணைப்பது மட்டும்தான். இதற்குக் கீழே புள்ளி போட்டு விவரம் சேர்க்க வேண்டாம்.

மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போடுவது சிலருடைய வழக்கம். நான்கைந்து மாத இடைவெளியை அப்படி மறைக்கலாம், இரண்டு வருடத்தை முடியாது. மாதம் போடாத ரெசியூமைப் பார்த்தாலே எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லிங்க்ட்இன் வைத்திருப்பவர்களுக்கு அங்கே Career break என்று தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. 2022-ல் கொண்டுவந்தார்கள். அதில் வகை கேட்கும் இடத்தில் Caregiving என்பதைத் தேர்ந்தெடுத்து, ரெசியூமில் இருக்கும் அதே மாதங்களைப் போடுங்கள். விவரம் எழுதும் பெட்டியைக் காலியாக விட்டால் குறை ஒன்றும் இல்லை.

"ஏன்மா ரெண்டு வருஷம் வேலைக்குப் போகல?"னு நேரா கேட்டா என்ன சொல்லணும்?

அந்தப் பெண் முதலில் தயார் செய்து வைத்திருந்தது இது:

"மன்னிக்கணும் சார், எங்க மாமனாருக்கு திடீர்னு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. கோயம்புத்தூர்ல ஐசியூல பதினஞ்சு நாள் வெச்சிருந்தாங்க. அப்புறம் வலது கையும் காலும் வரல. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது, நாத்தனார் கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க, வேற யாரும் இல்ல. அதனால வேற வழியில்லாம நான்தான் சார் வேலைய விட வேண்டியதாப் போச்சு. சும்மாதான் வீட்ல இருந்தேன். ஆனா இப்போ எப்படியாச்சும் வேலைக்கு வந்துடணும்னு இருக்கேன்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவரின் காதில் என்ன விழுகிறது என்று பாருங்கள். முதல் சொல்லே மன்னிப்பு. என்ன தப்பு நடந்தது என்று அவர் தேட ஆரம்பிப்பார். வீட்டில் வேறு ஆளே இல்லை என்று தானாகவே சொல்லியாயிற்று. அப்படியானால் நாளைக்கு மறுபடி முடியாமல் போனால் இவர்தான் ஓட வேண்டும் என்று அவர் கணக்குப் போடுவார். இரண்டு வருடம் ராப்பகலாகப் பார்த்ததை "சும்மா வீட்ல இருந்தேன்" என்று தானே அழித்துவிட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, மாமனார் இப்போது எப்படி இருக்கிறார், யார் பார்க்கிறார்கள் என்பது இதில் எங்குமே இல்லை.

கடைசியில் அவர் சொன்னது:

"2023 மே வரைக்கும் அங்கே கணக்குல இருந்தேன் சார். அதுக்கப்புறம் வீட்டுல பெரியவருக்கு முழுநேரமும் ஆள் தேவைப்பட்டுச்சு, நான் பாத்துக்கிட்டேன். இப்போ அதுக்கு நிரந்தரமா ஏற்பாடு பண்ணியாச்சு, ஜூலையிலிருந்து வேலை தேடறேன். உங்க விளம்பரத்துல ஜிஎஸ்டி ரிட்டர்ன்னு போட்டிருந்தீங்க. அங்கேயும் மாசாமாசம் அது என் பொறுப்புதான்."

நிதானமாகச் சொன்னாலும் இருபது விநாடிக்கு மேல் போகாது. நடந்தது ஒரு வாக்கியம், இன்றைய நிலை ஒரு வாக்கியம், அதை ஒட்டியே வேலையைப் பற்றி ஒரு பேச்சு. கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஒரு பதில் எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் அடுத்த கேள்வி வரும். வீட்டில் முடித்தால் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள், ரிட்டர்னில் முடித்தால் ரிட்டர்னைப் பற்றிக் கேட்பார்கள். அந்த மேனேஜர் அடுத்துக் கேட்டது "டேலி பிரைமா, பழைய டேலியா?" என்றுதான்.

"நான் பாத்துக்கிட்டேன்" என்பதற்கும் "விட வேண்டியதாப் போச்சு" என்பதற்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள். முதலாவதில் அவர் ஒரு முடிவு எடுத்தவர். இரண்டாவதில் யாரோ அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டது போல இருக்கிறது.

வீட்டில் செல்போனில் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். பெரும்பாலும் வெட்ட வேண்டியது நடுவில் வரும் ஆஸ்பத்திரிக் கதையாகத்தான் இருக்கும்.

சொன்னது சரியாப் போச்சா இல்லையான்னு அங்கேயே எப்படித் தெரியும்?

எதிரில் இருப்பவர் "ஐயோ பாவம்" என்றால் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டு யாரும் கணக்குப் புத்தகத்தைக் கையில் தருவதில்லை.

குடும்பத்தைப் பற்றி இரண்டாவது, மூன்றாவது கேள்வியும் வந்தால் வேறு அர்த்தம். எங்கேயோ ஒரு ஓட்டை விட்டிருக்கிறீர்கள். அநேகமாக அது "இப்போது" என்ற ஓட்டையாக இருக்கும். அந்த இடத்தில் பழைய கதையை இன்னும் விரிவாகச் சொல்லி அடைக்கப் பார்க்காதீர்கள். இன்றைய ஏற்பாட்டை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், கேள்வி நின்றுவிடும்.

ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே. இன்டர்வியூ எடுக்கறவரே எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரா இருந்தா?

மலையில் இது சர்வசாதாரணம். கோத்தகிரியில் ஒருவரைக் கீழே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனால், அது மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் குன்னூர் மார்க்கெட்டில் பேச்சாகிவிடும். சென்னையிலோ பெங்களூரிலோ இன்டர்வியூ போகிறவர்களுக்கு எழுதும் யோசனை எதுவும் இந்த இடத்தில் உதவாது. அங்கே எதைச் சொல்லலாம் என்பது கேள்வி. இங்கே ஏற்கெனவே தெரிந்தவரிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது என்பதுதான் கேள்வி.

அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. மேனேஜரோடு பக்கத்தில் இருந்த நிர்வாகி அவர்கள் ஹட்டிக்கு இரண்டு ஹட்டி தள்ளி இருப்பவர். உட்கார்ந்ததுமே படுகு பேச்சுக்கு மாறி, பெரியவர் எப்படி இருக்கிறார், கை அசைகிறதா, எந்த டாக்டர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கறையில் கேட்டதுதான், தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த விசாரிப்பு பத்து நிமிடம் ஓடினால் இன்டர்வியூ உறவுக்காரர் வீட்டுப் பேச்சாக முடிந்துவிடும். கூட இருக்கும் மேனேஜருக்குப் பாஷை புரியாது. வந்தவருக்குக் கணக்குத் தெரியுமா என்பதும் அவருக்குத் தெரியாமலே போகும்.

விசாரித்தவருக்கு அதே பாஷையில், மரியாதையோடு, ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்: "நல்லா இருக்காரு மாமா, நீங்க கேட்டதாச் சொல்றேன்." பிறகு முகத்தை மேனேஜர் பக்கம் திருப்பித் தமிழிலேயே தொடருங்கள். "சார், உங்க கேள்விக்கு வர்றேன்" என்றால் போதும். பெரியவரை மதிக்காத மாதிரியும் ஆகாது, அந்த விசாரிப்புக்கு வாசலும் மூடிவிடும். உட்கார்ந்த பிறகு முறை வைத்துக் கூப்பிடுவது அந்த ஒரு வரியோடு நிற்கட்டும். வேலை விஷயம் பேசும்போது அவரும் சார்தான்.

தெரிந்தவர் என்பதால் ரெசியூமில் அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதும் கூடாது. அவருக்குத் தெரியும், சரி. காகிதம் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் போனால் அங்கே இருப்பவருக்குத் தெரியாதே.

"இப்போ யார் பாத்துக்கறாங்க?"னு கேட்டா? அது அவங்களுக்கு எதுக்கு?

எதுக்கு என்று கேட்கத் தோன்றும், நியாயம்தான். ஆனால் எல்லாக் கேள்விகளிலும் உண்மையான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். போன இரண்டு வருடத்தைப் பற்றி முதலாளிக்குப் பெரிய கவலை கிடையாது. வரப்போகும் இரண்டு வருடத்தில் இவர் வருவாரா என்பதுதான் அவர் பயம். இதற்கு உருப்படியாக ஒரு பதில் இருந்தால் மற்றவற்றையெல்லாம் சுருக்கமாக முடித்துவிடலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டு ஏற்பாடு இப்படி. காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா வருகிறார், மாலை ஆறு வரை இருக்கிறார். அவர் வராத நாளுக்கு நாத்தனார், பத்து நிமிட நடையில் வீடு மாறி வந்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூருக்கு செக்கப் கூட்டிப்போக வேண்டும். இவ்வளவும் இன்டர்வியூவுக்கு வேண்டாம். அவர் சொன்னது இரண்டு வாக்கியம்: "பகல்ல பாத்துக்க ஆள் வெச்சிருக்கோம் சார். அவங்க வரலைன்னா பக்கத்துலயே குடும்பத்துல ஒருத்தர் இருக்காங்க." முதல் ஆள், அவர் வராவிட்டால் அடுத்த ஆள். இந்த இரண்டு அடுக்கும் இருந்தால்தான் கேட்பவருக்கு நிம்மதி. ஒன்றை மட்டும் சொன்னால் "அவங்களுக்கு முடியலைன்னா?" என்ற கேள்வி தவறாமல் வரும்.

லீவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "மூணு மாசத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் சார். அதை 20-ஆம் தேதிக்கு அப்புறம் வெச்சுக்கறேன்." கணக்கு வேலை தெரிந்தவருக்கு இது உடனே புரியும். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனத்தில் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி கெடு. அந்த இரண்டு தேதியும் தாண்டியபிறகுதான் கணக்குப் பிரிவு மூச்சு விடும். லீவு கேட்ட வாக்கியத்திலேயே வேலை தெரியும் என்பதையும் காட்டிவிட்டார்.

"லீவே போட மாட்டேன் சார்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாரும் நம்பவும் மாட்டார்கள், முதல் மாதத்திலேயே உங்களை அது சிக்கலில் மாட்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு ஊரே தாமதம்தான், அதற்கு உங்கள் வீட்டுக் காரணம் தேவைப்படாது.

ஏற்பாடு இன்னும் முடியவில்லை என்றால் முடிந்ததாகச் சொல்லாதீர்கள். "அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து ஆள் வர்றாங்க, அன்னையிலிருந்து சேர முடியும்" என்று தேதியோடு சொல்லலாம். தேதிகூட இல்லாத நிலை என்றால் இன்டர்வியூவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது. இங்கே வேலை கொடுக்கும் இடங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. சேர்ந்து ஒரு வாரத்தில் நின்றால் அடுத்த இடத்துக்கும் அந்தப் பேச்சு போய்விடும்.

என்ன நோய், என்ன ட்ரீட்மென்ட்னு கேட்டா சொல்லியே ஆகணுமா?

வேண்டாம். அது உங்கள் மாமனாருடைய விஷயம், உங்களுடையதுகூட இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் ஃபைலில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். கேட்காதபோது நீட்டினால், உங்கள் சொல்லை நீங்களே நம்பாத மாதிரி ஆகிவிடும்.

கேட்டால், "வயசானவங்களுக்கு வர்றதுதான் சார், இப்போ நிலைமை சீரா இருக்கு" என்பது போதும். மனநோய், குடி, புற்றுநோய் என்று ஊர் வாயில் விழக்கூடாத விஷயமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த இடங்களில் "உடம்பு சரியில்ல" என்பதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். மறுபடி கேட்டால் சிரித்த முகத்தோடு, "அது அவங்க சொந்த விஷயம் சார். என் பக்கம் வேலைக்கு எந்தத் தடையும் இல்ல" என்று முடியுங்கள். குரல் உயர வேண்டியதில்லை. இதற்கு மேலும் நோண்டுகிற இடம் என்றால், சேர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்பதற்கும் அங்கேயே ஒரு மாதிரி கிடைத்துவிட்டது.

அம்மா போய் நாலு மாசம்தான் ஆகுது. அந்தக் கேள்வி வந்தாலே அழுகை வந்துடும்.

அப்படி என்றால் வாக்கியத்தை இன்னும் சின்னதாக்குங்கள். "அம்மாவைப் பாத்துக்கிட்டேன் சார். அந்தப் பொறுப்பு இப்போ முடிஞ்சிருச்சு." இறந்துவிட்டார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. "முடிஞ்சிருச்சு" என்பதை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டாலும் உங்கள் பதில் பொய்யாகாது. புரிந்துகொண்டவர் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

கண் கலங்கினால் கலங்கட்டும். தண்ணீர் இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு "சொல்லுங்க சார்" என்று தொடருங்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் அம்மாவைப் பறிகொடுத்தவர்கள்தான்.

பழைய கம்பெனியில இன்னும் ஒரு வருஷம் இருந்ததா தேதியை நீட்டிப் போட்டா என்ன?

பிஎஃப் பிடித்த வேலையாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். புது இடத்தில் சேரும்போது பிஎஃப் கணக்கின் அதே யுஏஎன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அந்த எண்ணில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதெல்லாம் Service History பகுதியில் இருக்கிறது. சரிபார்க்கிறவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு வருட இடைவெளியை யாரும் குற்றம் என்று எழுத மாட்டார்கள், தேதி பொருந்தவில்லை என்றால் கட்டாயம் எழுதுவார்கள்.

இதில் தலைகீழான சிக்கல் ஒன்றும் இருக்கிறது, இங்கே அடிக்கடி பார்க்கிறேன். பழைய இடத்தில் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருப்பார்கள். பார்க்கிறவருக்கு நீங்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பதாகத் தெரியும். நீங்கள் உண்மையைச் சொன்னாலும் காகிதம் வேறு சொல்லும். இன்டர்வியூவுக்கு முன்பே பிஎஃப் உறுப்பினர் தளத்தில் நுழைந்து பாருங்கள். தேதி காலியாக இருந்தால் Mark Exit என்ற இடத்தில் நீங்களே பதியலாம். கடைசியாகப் பிஎஃப் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அது அனுமதிக்கும். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அங்கே பதியும் தேதி, ரிலீவிங் லெட்டரில் இருக்கும் தேதி, ரெசியூமில் இருப்பது, மூன்றும் ஒன்றாக இருக்கட்டும்.

அந்த ரெண்டு வருஷத்துல பொறுமை, டைம் மேனேஜ்மென்ட் எல்லாம் கத்துக்கிட்டேன்னு சொல்லலாமா? யூட்யூப்ல அப்படித்தான் சொல்றாங்க.

எனக்கு இது பிடிப்பதில்லை. படுக்கையில் இருந்தவரைக் குளிப்பாட்டியதை நிர்வாகத் திறமையாக மாற்றிச் சொல்லும்போது, சொல்கிறவருக்கும் கூச்சம், கேட்கிறவருக்கும் கூச்சம். இடைவெளிக்கு ஏதோ ஒரு லாபம் காட்டியாக வேண்டும் என்ற பதற்றமும் அதில் தெரியும். அதுவும் மன்னிப்புக் கேட்பதில் ஒரு வகைதான்.

வேலைக்கு நேராகப் பொருந்தும் காரியம் ஏதாவது நிஜமாகவே செய்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பெண் வீட்டுத் தோட்டத்தின் பச்சைத் தேயிலைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை கிலோ ஃபேக்டரிக்குப் போனது, என்ன விலை போட்டார்கள், பறிப்புக் கூலி எவ்வளவு என்பதெல்லாம். மகளிர் குழுவின் கணக்கு நோட்டும் அவர் கையில் இருந்தது. கேட்டபோது "சின்னக் கணக்குதான் சார், ஆனா கை விட்டுப் போகல" என்றார். அளவாக இருந்தது. அதையே "சுயதொழில் கணக்காளர்" என்று ரெசியூமில் ஏற்றியிருந்தால் மேனேஜர் உடனே "பேலன்ஸ் ஷீட் எங்கே" என்று கேட்டிருப்பார்.

ரெண்டு வருஷத்துல வேலையே மாறிப்போயிருக்கும். தெரியாம முழிச்சா?

பராமரிப்பைப் பற்றிய கேள்வியைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் எல்லாம் மாறிவிடாது. உங்கள் வேலையில், அந்த இடத்துக்குப் பொருந்துவதில் என்ன மாறியது என்று இரண்டு விஷயத்தைப் பிடித்தால் போதும்.

அந்தப் பெண் விலகிய பிறகு, 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்ற வரம்பு 10 கோடி ரூபாய் விற்றுமுதலிலிருந்து 5 கோடிக்கு இறங்கியது. கம்பெனிகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் பில் போடும் நடுத்தர விடுதிகள் பலவும் இதற்குள் வரும். இன்னொன்று அப்போது புத்தம் புதிது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. ஆனால் அந்த 5 சதவீதத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 7,500-க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம், அதற்கு வரவு உண்டு. இரண்டு வகை அறையும் உள்ள விடுதியில் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைப் பிரித்துக் கணக்கு வைக்க வேண்டும்.

அவர் இதைப் படித்துவிட்டுப் போனார், ஒப்பிக்கவில்லை. "ஏதாவது கேக்கணுமா?" என்றபோது, "உங்ககிட்ட ரெண்டு விலை ரூமும் இருக்கே சார், இன்புட்டை இப்போ எப்படிப் பிரிக்கறீங்க?" என்று கேட்டார். மேனேஜருக்கு அந்த மாதம் முழுக்க அதே தலைவலி. பிறகு பேச்சு அதிலேயே ஓடியது.

வரவேற்பு வேலை, பள்ளி அலுவலகம், ஃபேக்டரி லேப் என்று எதுவானாலும் வழி இதுதான். அதே வேலையில் இப்போது இருக்கும் பழைய சகாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து "நான் போனப்புறம் என்ன மாறிச்சு?" என்று கேளுங்கள். தெரியாததைக் கேட்டால் "அது நான் விலகினதுக்கு அப்புறம் வந்தது சார், பார்த்துக்கறேன்" என்று நேராகச் சொல்லலாம்.

கேப் இருக்கறதால சம்பளத்தைக் குறைச்சாத்தான் எடுப்பாங்களா?

குறைத்துப் பார்ப்பார்கள். நீங்களாகக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள். "எவ்வளவு குடுத்தாலும் சரி சார்" என்பது பணிவு மாதிரி தெரியும், உண்மையில் அதுவும் மன்னிப்புதான். 2023-ல் வாங்கிய சம்பளத்தை அளவாக வைக்கவும் வேண்டாம். அந்த வேலைக்கு இன்று குன்னூரில் என்ன கொடுக்கிறார்கள் என்று இரண்டு இடத்தில் விசாரித்து அந்தத் தொகையைச் சொல்லுங்கள். கேப்பைக் காட்டிக் குறைத்தால், "மூணு மாசம் வேலையைப் பாருங்க சார், அப்புறம் இந்தத் தொகைக்கு வரலாமா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு சீசன் கூட்டத்தில் மறந்துபோகும்.

நான் ஆம்பிளை. பெங்களூர் வேலையை விட்டுட்டு அப்பாவைப் பாத்துக்க ஊட்டிக்கு வந்தேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

நம்பாததற்குக் காரணம், "பெங்களூர்ல வேலை போயிருக்கும், அதை இப்படிச் சொல்றான்" என்ற நினைப்பு. ஆண்களிடம் இந்தச் சந்தேகம் கூடுதலாக வருகிறது, பெண்களிடம் "மறுபடி விட்டுடுவாங்களோ" என்ற சந்தேகம் வருகிற மாதிரி. அதனால் உங்கள் பதிலில் ஓர் இடம் மட்டும் மாறும். நீங்களாக விலகினீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள்: "2023 மார்ச்ல நானே ரிசைன் பண்ணிட்டு வந்தேன் சார், நோட்டீஸ் பீரியடை முழுசா முடிச்சேன்." ரிலீவிங் லெட்டர் ஃபைலில் இருக்கட்டும். பழைய டீம் லீடர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். அப்பாவின் உடம்பைப் பற்றி விவரித்து நம்ப வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த லெட்டரும் ஒரு போன் காலும் செய்வதை எந்தக் கதையும் செய்யாது.

வேலை கிடைச்சப்புறம் கூட வேலை செய்யறவங்க கேப்பாங்களே?

கேட்பார்கள், டீ குடிக்கும்போது. இன்டர்வியூவில் சொன்ன அதே ஒரு வாக்கியத்தையே அங்கேயும் சொல்லுங்கள். மேனேஜரிடம் ஒன்று, கேன்டீனில் ஒன்று என்றால் இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொள்ளும். நெருக்கமான பிறகு யாரிடமாவது முழுசாகச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். அதற்கு ஆள் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும்.